எந்த ஃபைலைத் திறக்கணும்னு ஃபைல் பேரே சொல்லணும்

கேள்வி: மெயில்ல ஃபைல் அனுப்புனா "இதுல எதைத் திறக்கணும், நான் என்ன பண்ணணும்"னு திருப்பிக் கேக்குறாங்க. எப்படிப் பேர் வச்சு அனுப்புறது?

நீங்க ஏதோ ஆபீஸ்ல இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நான் சேலம் அம்மாபேட்டைல பிரஸ்ல டிசைன் பண்றேன், எனக்கு இதுல அடிபட்ட அனுபவம் இருக்கு.

ஒரு தை மாசக் கல்யாணப் பத்திரிகை, மூணு தடவை ப்ரூஃப் அனுப்புனேன், மூணுக்கும் `invitation.pdf`னே பேர். பொண்ணோட அண்ணன் போன்ல டவுன்லோட் ஆனது `invitation.pdf`, `invitation (1).pdf`, `invitation (2).pdf`. அவர் முதல்ல வந்ததைத் திறந்து பாத்துட்டு "எல்லாம் சரி, அடிச்சிருங்க"ன்னாரு. நாங்க அடிச்சது மூணாவது. அதுல மண்டப அட்ரஸ் மாத்துறப்போ தாத்தா பேர்ல இனிஷியல் போயிருந்துச்சு, அவர் பாத்த ஃபைல்ல அது இருந்துச்சு. 600 பத்திரிகை திரும்ப அடிச்சோம், பாதி காசு எங்க கையில இருந்து. படிச்சுப் பாக்காம ஓகே சொன்னாருன்னு சிலர் சொல்வீங்க, ஆனா அவர் படிச்சுதான் பாத்தாரு, எதைப் படிக்கணும்னு நான்தான் சொல்லல.

இப்ப பேர் இப்படித்தான், P3ன்னா மூணாவது ப்ரூஃப்:

```
P3_pathirikai_proof.pdf
```

நம்பர் முன்னாடி வர்றது ஏன்னா போன்ல நீளமான பேரை வெட்டிதான் காட்டும், கடைசில போட்டா அந்த நம்பர் தெரியாமப் போகலாம். ஒரு கமா மாத்துனாகூட அடுத்த நம்பர். `final`னு வைக்கவே மாட்டேன், அதுக்கப்புறமும் திருத்தம் வரும், அப்ப `final new`னு வச்சா எது புதுசுன்னு நமக்கே தெரியாது. பத்திரிகையை வெட்டுற கோட்டுக்கு வெளிய, ஓரத்துல, அதே P3-ஐ சின்னதா போட்டுடுவேன், ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனாலும் எதைப் பாத்தாங்கன்னு தெரிஞ்சிரும்.

மெயில்ல சப்ஜெக்ட்லயும் P3. உள்ள நாலே வரி:

"P3-ஐ மட்டும் திறங்க, P1, P2 பழசு. மாத்துனது ரெண்டாம் பக்கம் மண்டப அட்ரஸ் மட்டும்தான், ஆனா பேர், இனிஷியல், முகூர்த்த நேரம் எல்லாம் முதல்ல இருந்து ஒருதடவை படிங்க. சரியா இருந்தா 'P3 ஓகே'ன்னு நாளைக்கு மதியத்துக்குள்ள பதில் போடுங்க, வெறும் ஓகே வந்தா பிளேட் போட மாட்டோம்."

இதுல சிலருக்குக் கோவம் வருது, சிவகாசில இதெல்லாம் கேக்குறதில்லன்றாங்க. அங்க ரேட் கம்மின்னு பேரம் பேசுறவங்கதான் ராத்திரி பத்து மணிக்கு திருத்தமும் அனுப்புறாங்க, அதை யார்கிட்ட சொல்ல!

அவங்க நமக்கு அனுப்புறது இன்னும் மோசம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா `IMG-20250112-WA0007.jpg`னு வரும், தாத்தாவா மாமாவான்னு எப்படித் தெரியும்? டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, பேர் மாறாது, படமும் சுருங்காது.

போன் பாக்காத பெரியவங்களுக்கு மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, P3 பக்கத்துலயே கையெழுத்து வாங்கிடுறேன்.