நாய்க்குட்டியின் விலை 32,000 ரூபாய் இல்லை

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இரண்டு சம்பளமும் சேர்ந்து 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வேளச்சேரியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 750 சதுர அடி வாடகை வீடு. காலை 8.30-க்குப் பூட்டினால், மாலை 5.30-க்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துதான் திறப்போம். பிள்ளைகள் (10 வயது, 6 வயது) நாய் வேண்டும் என்று ஒரே அடம். மச்சான் 32,000-க்கு ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டியைப் பேசி, 5,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். "கார்டில் போட்டு 12 மாத இஎம்ஐ ஆக்கிடுங்க, மாசம் 2,900தான்" என்கிறார். போன், ஃபிரிட்ஜ், ஊட்டி ட்ரிப் என்று ஏற்கெனவே மூன்று இஎம்ஐ ஓடுகிறது. போன் தவணை நான்கு மாதத்தில் முடியும். எல்லாம் போக மாதம் 8,000 மிஞ்சுகிறது. வாங்கலாமா?

பதில்: இந்தக் குட்டியை வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குச் செல்லப்பிராணி வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கும் நேரத்துக்கும் பைக்கும் பொருந்தும் ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எதைப் பார்த்தாலும் "மாசத்துக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வாங்கும் பழக்கம்தான் உங்கள் சிக்கல். போனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அந்தக் கேள்வியால் பெரிய ஆபத்தில்லை, தவணை ஒருநாள் முடிந்துவிடும். நாய்க்கு 12 மாதத் தவணை முடிந்த பிறகும் இன்னொரு தவணை ஓடிக்கொண்டே இருக்கும். அதைத்தான் உங்கள் மச்சான் கணக்கில் சேர்க்கவில்லை.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த கோல்டன் 30 கிலோ அளவுக்கு வரும். நாளுக்கு 350 கிராம் உலர் தீவனம் என்றால் மாதம் பத்தரை கிலோ. சுமாரான பிராண்டிலேயே 4,500 ரூபாய். ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கு மாதாமாதம் விடும் சொட்டு மருந்து எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 900. அந்த அடர்ந்த ரோமத்தைக் குளிப்பாட்டிச் சீவ 1,200. பகலில் வந்து கீழே கூட்டிப்போகும் ஆளுக்கு 3,000. நீங்கள் ஊருக்குப் போகும் பத்து நாளுக்கு விடுதியில் விட்டால் வருடம் 7,000, அதாவது மாதம் 600. மொத்தம் 10,000-ஐத் தாண்டுகிறது. கோடையில் அதற்காக ஓடும் ஏசியை நான் சேர்க்கவே இல்லை.

இந்த இனம் 10 முதல் 12 வருடம் வாழும். 11 வருடத்துக்குப் பெருக்கினால் இன்றைய விலைவாசியிலேயே 13 லட்சம். உங்கள் கண்ணில் படும் 32,000 அதில் மூன்று சதவீதம்கூட இல்லை. முதல் வருடத்தில் தவணையும் சேர்ந்து மாதம் 13,000 வேண்டும், மிஞ்சுவதோ 8,000. குறையும் 5,000 எங்கிருந்து வரும்? கார்டிலிருந்துதான். அங்கே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை நிறுத்தி வைத்தால், பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வட்டி விழும்.

பணம் இருந்தாலும் நேரம் ஒத்துவராது. இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை அதிகபட்சம் மூன்று மணி நேரம் அடக்க முடியும். உங்கள் வீடு ஒன்பது மணி நேரம் பூட்டியிருக்கிறது. அது வீட்டிலேயே போகும், தனிமையில் ஊளையிடும், சோபாவைக் கடித்துக் கிழிக்கும். அடுத்த மாதமே வீட்டுக்காரரிடமிருந்து போன் வரும். இன்னொன்று, கோல்டனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி வரும். வழுக்கும் டைல்ஸும் படிக்கட்டும் அதை மோசமாக்கும். ஒன்பது வயதில் அது படி இறங்க முடியாமல் நின்றால், 30 கிலோவை மூன்று மாடி தூக்கி இறக்கப்போவது நீங்கள்தான். அப்போது மூத்த பிள்ளை கல்லூரியில் இருக்கும்.

குட்டியின் வயதையும் கேளுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே விதிகள் அனுமதிப்பதில்லை. 35, 40 நாளிலேயே தள்ளிவிடுபவர்கள் நிறைய. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டி, மருத்துவர் கையெழுத்து இருக்க வேண்டும். அது இல்லாத குட்டி வந்த வாரமே வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகப் படுத்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றவே 15,000, 20,000 ஆகிவிடும்.

மச்சானிடம் நேராகச் சொல்லுங்கள்: "மாதம் பத்தாயிரம் ஆகும், பதினோரு வருஷத்துக்குப் பாதியை நீங்கள் தருவீர்களா?" அட்வான்ஸ் திரும்பாது என்றால் அந்த 5,000-ஐ நீங்களே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். 13 லட்சத்தில் மாட்டாமலிருக்க அது மலிவு. கொடுத்த அட்வான்ஸ் வீணாகிறதே என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரு வயது கடந்த, கருத்தடை செய்த நாட்டுப் பூனை. மீட்டு வளர்ப்பவர்களிடம் தத்தெடுத்தால் விலை கிடையாது. வளர்ந்த பூனை பகலில் பெரும்பாலும் தூங்கும், 750 சதுர அடி அதற்குத் தாராளம். அது மலம், சிறுநீர் கழிக்கும் மணல் தட்டை இரண்டு வேளை சுத்தம் செய்ய, உணவு வைக்க, விளையாட எல்லாம் சேர்த்து நாளுக்கு முக்கால் மணி நேரம். உணவு 1,400, மணல் 700, ஊசி மருந்து 300. மாதம் 2,400-க்குள் அடங்கும். ஆனால் 12 முதல் 15 வருடம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சின்னவர் கல்லூரி முடிக்கும்வரை அது உங்கள் பொறுப்பு. தத்தெடுக்கும் முன் பிள்ளைகளைப் பூனை இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று முறை சில மணி நேரம் விட்டு, தும்மலோ இழுப்போ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மீன் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சைக்கிளி பக்கம் போகவே வேண்டாம், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆரம்பச் செலவு: பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை 3,000, கருத்தடை ஆகியிருக்காவிட்டால் 5,000, தடுப்பூசி 1,500, கூடை, தட்டு, பிறாண்டும் கட்டை 2,000. ஏறக்குறைய 11,500. வலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்றாவது மாடியில் புறாவைப் பார்த்துப் பாய்ந்து விழும் பூனைகள் அதிகம். போன் தவணை முடியும்வரை நான்கு மாதம் பொறுங்கள். நாய்க்குக் கட்டத் தயாராக இருந்த அதே 2,900-ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டால் 11,600 சேரும். கார்டைத் தொடாமல் ரொக்கமாக முடிக்கலாம்.

செல்லப்பிராணிக் காப்பீடு என்று இப்போது விளம்பரம் அதிகம். வழக்கமான தடுப்பூசிகளை அவை பெரும்பாலும் தருவதில்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் கிடைக்காது, முதல் சில வாரம் காத்திருப்புக் காலம் வேறு. அதை விடுத்து பூனை வந்த மாதம் முதல் 1,500-க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள், இரண்டு வருடத்தில் 36,000-மும் வட்டியும் இருக்கும். ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் என்றால் உயிருக்கே ஆபத்து. அந்த ராத்திரிக்குத்தான் இந்த ஆர்.டி.

பூனையைக் கொண்டுவரும் முன் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, வாடகை ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.