2,600 வெள்ளிக்கு ஆள் எடுத்தால் கடைக்கு உண்மையில் எவ்வளவு?

தேக்காவில் சிற்றுண்டிக்கடை வைத்திருக்கிறேன். 45 வயது சிங்கப்பூரர் ஒருவரைச் சமையலுக்கு எடுக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,400, போக்குவரத்துப் படி 200. மாதம் எவ்வளவு ஒதுக்கணும்?

படியை விட்டுவிட்டு 2,400க்கு மட்டும் சிபிஎஃப் போடாதீர்கள். நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். மாதாமாதம் கையில் கொடுக்கும் படி, பெயர் எதுவானாலும், சம்பளத்தோடு சேரும். கடை வேலையாகப் போய்வந்த செலவை ரசீது பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் சேராது.

ஆக 2,600க்கு 17 விழுக்காடு, 442 வெள்ளி. திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 விழுக்காடு, 6.50. மொத்தம் 3,048.50. ஆண்டு முடிவில் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை 13ஆம் மாதமாகக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த 2,400க்கும் 408 வெள்ளி சிபிஎஃப் உண்டு. இரண்டையும் சேர்த்து 12 மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மாதச் செலவு ஏறக்குறைய 3,283. நான் இந்த எண்ணைத்தான் பட்ஜெட்டில் எழுதச் சொல்வேன். இல்லாவிட்டால் டிசம்பரில் கை கடிக்கும்.

சமையல் உடலுழைப்பு வேலை என்பதால், சம்பளம் எவ்வளவானாலும் வேலைக்காயக் காப்புறுதி கட்டாயம். அதன் பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிபிஎஃப் 37 விழுக்காடு ஆச்சே அண்ணே, 17னு சொல்றீங்க?

கட்டும் தொகை 37 விழுக்காடுதான். அதில் 20 ஊழியரின் சம்பளத்திலிருந்து போவது, ஏற்கெனவே 2,600க்குள் இருக்கிறது. அதையும் செலவில் கூட்டினால் இரண்டு முறை எண்ணியதாகும். இந்த விகிதம் 55 வயது வரை. அதற்கு மேல் குறையும்.

அப்போ எஸ் பாஸில் ஊரிலிருந்து ஆள் எடுத்தால் மலிவுதானே? சிபிஎஃப் கிடையாதே.

சிபிஎஃப் இல்லை, வெளிநாட்டு ஊழியர் தீர்வை உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து மாதம் 650 வெள்ளி. புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் 3,300 ஆகிவிட்டது, வயது கூடினால் அதுவும் கூடும். இரண்டும் சேர்த்தாலே 3,950. மருத்துவக் காப்புறுதி வேறு வாங்கணும். தீர்வையை ஊழியரிடம் பிடிக்கவும் கூடாது. உள்ளூரில் ஆளே கிடைக்கவில்லை என்றால் வேறு விஷயம். அதை உங்கள் கடையைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது.

நான் முதலாளி இல்லை, ஊழியன். வயது 38. எனக்கும் 2,600தான், கைக்கு 2,073 வருகிறது. முதலாளியின் பங்கையும் என்னிடம் பிடிக்கிறார்களா?

இல்லை தம்பி. உங்கள் பங்கு 520, சிண்டாவுக்கு 7, கணக்குச் சரி. முதலாளி தன் 442ஐ உங்களிடம் பிடித்திருந்தால் கைக்கு 1,631தான் வந்திருக்கும், அது சட்டப்படி குற்றம். அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் சிபிஎஃப் கணக்கைத் திறந்து பாருங்கள். 962 வெள்ளி ஏறியிருக்கணும். 520 மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ, சம்பளச் சீட்டோடு சிபிஎஃப் வாரியத்திடம் சொல்லுங்கள்.