கடை தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் விசாரணை ஆளை அனுப்புவது ஏன்?

"கும்பகோணத்தில் என் ஜவுளிக்கடை எரிந்துவிட்டது. சர்வேயர் வந்து போன பிறகு இன்னொருவர் விசாரிக்க வருகிறாராம். என்ன கேட்பார்?"

சர்வேயர் நஷ்டத்துக்கு விலை போடுகிறவர். இன்வெஸ்டிகேட்டர் நடந்தது என்ன என்று பார்க்கிறவர். பாலிசி எடுத்த கொஞ்ச நாளிலேயே தீ, அல்லது கணக்கும் கேட்கிற தொகையும் ஒட்டவில்லை என்றால் இவரை அனுப்புவார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டினால் ஈரப்பதம் பார்த்துத்தானே எடை போடுகிறார்கள், அதுபோலத்தான்.

கடைசியாகக் கடையைப் பூட்டியது யார், சாவி யாரிடம், மெயின் சுவிட்சை அணைத்தீர்களா, கடன் பாக்கி உண்டா என்று கேட்பார். தீயணைப்புத் துறை அறிக்கை, போலீஸ் புகார் நகல், கொள்முதல் பில், ஜிஎஸ்டி கணக்கு, பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் அறிக்கை எல்லாம் எடுத்து வையுங்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் ஸ்டாக்கில்தான். ஏப்ரலில் கையிருப்பு 4 லட்சம், அப்புறம் வாங்கியது 6 லட்சம், விற்றது அடக்க விலையில் 7 லட்சம் என்றால் தீயன்று கடையில் 3 லட்சத்துக்குத்தான் சரக்கு இருந்திருக்கும். நீங்கள் 5 லட்சம் கேட்டால் மீதி 2 லட்சம் எங்கே என்பார். பில் எரிந்துபோனால் மொத்த வியாபாரியிடம் நகல் வாங்கலாம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், ஊகித்துச் சொன்னது வாக்குமூலத்தில் ஏறிவிடும்.

அவர் வந்தாலே கிளெய்ம் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அவர் அறிக்கை மட்டும்தான் தருவார், முடிவு கம்பெனியுடையது.