புது ஷூ கடித்த குதிகால்: எதைக் குத்தலாம், எதைக் குத்தக்கூடாது

"அக்கா, சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆபீஸுக்கென்று வாங்கிய கறுப்பு லெதர் ஷூ இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. இடது காலில் சின்னக் கொப்புளம். வலது காலில் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு நீர் கோத்து நிற்கிறது, நடந்தால் உயிர் போகிறது. ரூம்மேட் குத்திவிடு என்கிறான், அம்மா தொடவே தொடாதே என்கிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். என்ன செய்வது?"

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆளுக்கு ஒரு காலுக்கு. இடது காலுக்கு அம்மா பேச்சைக் கேளுங்கள். வலது காலுக்கு ரூம்மேட் பேச்சைக் கேட்கலாம், ஆனால் எப்படிக் குத்துவது என்பதை அவரிடம் கேட்க வேண்டாம்.

கொப்புளத்தின் மேல்தோல் கிழியாமல் இருக்கும்வரை உள்ளே கிருமி போகாது. அதன் அடியில் புதுத்தோல் வளரும், நீரை உடம்பே சில நாளில் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சின்னதாக, வலி அதிகம் இல்லாமல் இருப்பதைக் குத்த அவசியமே இல்லை. அதன்மேல் ஷூ படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃபார்மசியில் ஒரு பக்கம் பசையுள்ள தடித்த துணி பேட் கேளுங்கள். அதன் நடுவில் கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை வெட்டி, கொப்புளம் அந்த ஓட்டைக்குள் இருக்கும்படி ஒட்டுங்கள். உளுந்து வடை மாதிரி இருக்கும். கொப்புளம் பேட்டைவிட மேலே எழும்பி நின்றால் இன்னொரு அடுக்கு போடுங்கள். பலர் பேட்டை நேராகக் கொப்புளத்தின் மேலேயே ஒட்டுகிறார்கள். அப்போது அழுத்தம் அங்கேயே கூடும், வலியும் கூடும்.

வலது காலில் இருப்பது வேறு கதை. அவ்வளவு பெரிதாக, இறுகி நிற்பது ஷூவுக்குள் எப்படியும் உடையும். தானாக உடைந்தால் தோல் தாறுமாறாகக் கிழிந்து உள்சதை வெளியே தெரியும். அதற்கு முன்பு நாமே நீரை வெளியேற்றுவது நல்லது. ஆனால் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அல்லது கொப்புளத்துக்குள் ரத்தம் தெரிந்தால், வீட்டில் குத்தாதீர்கள். கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

கையையும் குதிகாலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசியை ஆல்கஹால் துணியால் நன்றாகத் துடையுங்கள். சின்னப் பாக்கெட்டுகளில் எல்லா ஃபார்மசியிலும் கிடைக்கும். மெழுகுவர்த்தியில் காட்டினால் ஊசியில் கரி படியும், அந்த வேலை வேண்டாம். நடுவில் குத்தாமல், கொப்புளத்தின் அடி ஓரமாக, தோலுக்குப் படுக்கைவாக்கில் இரண்டு மூன்று இடத்தில் சின்னதாகக் குத்துங்கள். மேல்தோல் உயிரற்றது, அதனால் குத்தும்போது பெரிதாக வலிக்காது. சுத்தமான துணியை வைத்து மெதுவாக அழுத்தினால் நீர் வந்துவிடும். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் கவலை இல்லை. மேல்தோலை மட்டும் உரிக்காதீர்கள், அதுதான் உங்களுக்குக் கட்டு. லேசாக வாசலின் தடவி, புண்ணில் ஒட்டாத காஸ் துணி வைத்து, டேப் போட்டுவிடுங்கள். முதல் நாளில் மறுபடி நீர் கோக்கும். அது சகஜம், அதே சுத்தத்தோடு திரும்ப வெளியேற்றலாம்.

ஊரில் சிலர் ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவிடுவார்கள், நீர் வடிந்துகொண்டே இருக்கட்டும் என்று. ரூம்மேட் அதைச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே இறங்கும்.

கட்டைத் தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். அப்புறம், ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் என்று கொஞ்சம் விலை கூடிய ஒன்று கிடைக்கும். தோல் கிழிந்துவிட்டால் அது நல்ல துணை. வாசலினைத் துடைத்து, காய்ந்த தோலில் ஒட்டி, அதுவாக விளிம்பு கிளம்பும்வரை சில நாள் விட்டுவிட வேண்டும். அடியில் வெள்ளையாக உப்பி நிற்பதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து பிய்த்துவிடுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சினால் அப்படித்தான் ஆகும். பிய்த்தால் கூடவே மேல்தோலும் வந்துவிடும். ஆனால் சுற்றிலும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், தொட்டால் சூடாக இருந்தால், துர்நாற்றமோ பச்சை மஞ்சள் சீழோ வந்தால், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கிருமித்தொற்று இருக்கும் இடத்தில் ஹைட்ரோகொலாய்டு ஒட்டவும் கூடாது.

இதெல்லாம் வந்ததற்கு வைத்தியம். வராமல் இருக்க, ஏன் வருகிறது என்று பாருங்கள். எல்லாரும் லெதர் கடினம் என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குவதுதான் காரணம். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு மேலே போகிறது, தோலோ காலுறையோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே நிற்கிறது. நடுவில் மாட்டிய தோலடுக்குகள் பிரிந்து, இடைவெளியில் நீர் நிரம்புகிறது. ஈரமான தோல் காய்ந்த தோலைவிட நன்றாகப் பற்றிக்கொள்ளும், அதனால் இழுபடுவதும் அதிகம். இங்கே பஸ் ஸ்டாப்பிலிருந்து எம்.ஆர்.டி. வரை நடப்பதற்குள் காலுறை நனைந்துவிடுகிறதே, அதுதான் சிங்கப்பூரில் புதிதாக வந்தவர்களைப் படுத்துகிறது. ஊரில் செருப்பில் நடந்து பழகிய குதிகாலுக்குப் பின்சுவர் உள்ள ஷூவே புதுசு.

அதனால் கயிற்றைக் கட்டும்முன் குதிகாலைத் தரையில் தட்டி முழுக்கப் பின்னால் தள்ளுங்கள், அப்புறம் மேல் ஓட்டைகளில் இறுக்கிக் கட்டுங்கள். அப்போதும் ஏறி இறங்கினால், ஷூவின் நாக்குக்கு அடியில் ஒட்டும் பேட் வாங்குங்கள். அது பாதத்தைப் பின்னால் தள்ளிப் பிடிக்கும். பின்சுவரில் ஒட்டும் பேட் பாதத்தை முன்னால் தள்ளும், ஷூ நீளம் குறைவாக இருந்தால் விரலில் வலி ஆரம்பிக்கும். காட்டன் காலுறை வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயற்கை நூல் கலந்ததை வாங்கி, ஒரு ஜோடி பையில் வைத்து மதியம் மாற்றுங்கள். குதிகாலில் வாசலின் தடவும் யோசனை கொஞ்ச நேரத்துக்குத்தான், சில மணி நேரம் கழித்து உராய்வு முன்னைவிடக் கூடுகிறது. மருந்துக்கடை பேப்பர் டேப்பைக் காய்ந்த குதிகாலில் சுருக்கமில்லாமல் ஒட்டுவது மேல்.

திங்கட்கிழமைக்கு ஒன்று சொல்கிறேன். செருப்பில் போய், ஷூவைப் பையில் எடுத்துப்போய் ஆபீஸில் மாட்டுங்கள், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். காலையில் இடது காலுக்கு வடை பேட், வலது காலுக்குக் காஸ் மேல் டேப். புது ஷூவை வீட்டில் காலுறையோடு ஓரிரு மணி நேரம் போட்டு நடந்து பழக்குங்கள். இறுக்கிக் கட்டிய பிறகும் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் தாராளமாக நுழைந்தால் அளவே பெரிது. பேட் வைத்து மல்லுக்கட்டாமல், பில் இருந்தால் கடைக்காரரிடம் மாற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். சாயங்காலமாகப் போங்கள், பாதம் அப்போதுதான் வீங்கி உண்மையான அளவில் இருக்கும்.