எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு முறிவு எம்.ஆர்.ஐ.யில் எப்படித் தெரிகிறது?

“அம்மாவுக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது காலை ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், ‘எம்.ஆர்.ஐ. எலும்பைக் காட்டாது, சி.டி. போதும், நானே கூட்டிப் போகிறேன்’ என்கிறார். ரேடியாலஜி டிப்ளமோ படிக்கும் அண்ணன் மகனின் ஸ்லைடுகளைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாவுக்கு இடது முழங்காலில் செயற்கை மூட்டு வேறு இருக்கிறது. எதை எடுப்பது?”
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

எம்.ஆர்.ஐ. எடுங்கள், முடிந்தால் இன்றே. அதுவரை அம்மாவை நடக்க வைக்காதீர்கள். கழிவறைக்குக்கூடப் படுக்கையிலேயே பாத்திரம் வையுங்கள். எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன், கட்டுப் போடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது பந்துபோன்ற தலையைத் தாங்கும் குறுகிய பகுதியில், விலகாத முறிவு இருந்தால் பெரும்பாலும் சில திருகுகளோடு முடிந்துவிடும். அதே முறிவு ஓர் அடி எடுத்து வைத்ததில் விலகிவிட்டால், எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்து, மூட்டையே மாற்ற வேண்டிய நிலை வரலாம்.

எக்ஸ்ரே ஏன் காட்டவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். மேலே இருக்கும் குழாயிலிருந்து கதிர் புறப்பட்டு உடலைத் துளைத்துக் கீழே உள்ள தட்டில் விழுகிறது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு கதிரை நிறைய விழுங்கிவிடுவதால் அந்த இடம் வெள்ளையாகிறது. தசை ஓரளவு விட்டுவிடும், சாம்பல் நிறம். காற்று அப்படியே விட்டுவிடும், கறுப்பு. இந்த நிழலில் ஆழம் கிடையாது. முன்னால் இருக்கும் எலும்பும் பின்னால் இருக்கும் எலும்பும் நடுவே உள்ள தசையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே படமாகிவிடும். முறிவு என்பது ஒரு மெல்லிய இடைவெளி. லேசாகத் திறந்திருக்கும் கதவின் இடுக்கு, நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும் தெரிவதைப் போல, கதிர் அந்த இடைவெளியின் வழியே நேராகப் போனால்தான் கறுப்புக் கோடு விழும். கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு காணாமல் போய்விடும். எலும்புத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்திக்கொண்டிருந்தால் இடைவெளியே இருக்காது.

இடுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடை எலும்பின் கழுத்து நேராக இல்லாமல் சற்று முன்னோக்கி வளைந்து நிற்கிறது. அதனால் எக்ஸ்ரே எடுக்கும்போது பாதங்களை ஏறத்தாழ 15 டிகிரி உட்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். அப்போதுதான் கழுத்து முழு நீளத்துக்கும் தெரியும். விழுந்து அடிபட்டவருக்கோ கால் தானாகவே வெளிப்பக்கம் சாய்ந்துவிடும், வலியில் திருப்ப விடமாட்டார். முறிவு என்று சந்தேகம் இருக்கும்போது வற்புறுத்தித் திருப்பவும் கூடாது. விளைவு, கழுத்து குறுகிப்போய் விழுந்த ஒரு படம். உங்களிடம் உள்ள ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொடை எலும்பின் உள்பக்கம், கழுத்துக்குச் சற்றுக் கீழே மொட்டுப்போல் ஒரு புடைப்பு இருக்கும். இடது பக்கம் அது சின்னதாகவும் வலது பக்கம் பெரிதாகத் துருத்திக்கொண்டும் தெரிந்தால், வலது கால் வெளியே திரும்பிய நிலையில் எடுத்த படம் அது. அப்படிப்பட்ட படத்தை வைத்து ‘முறிவு இல்லை’ என்று சொல்லி ஒரு மூதாட்டியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ‘இந்தப் படத்தில் முறிவு தெரியவில்லை’ என்பதுதான் சரியான வார்த்தை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல ஆளில்லாமல், வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடும் அவசரம் நம் புறநோயாளிப் பிரிவுகளில் எனக்கு ஆறாத வருத்தம்.

சி.டி.யிலும் அதே எக்ஸ்ரே கதிர்தான். ஆனால் குழாய் உடலைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழல்கள் பதிவாகிவிடும். ‘இந்தக் கோணத்தில் இவ்வளவு கதிர் குறைந்தது, அந்தக் கோணத்தில் அவ்வளவு குறைந்தது, அப்படியானால் உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விழுங்கியிருக்க வேண்டும்?’ என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு -100 அளவில், கெட்டியான எலும்புக்குப் பல நூறு. உங்கள் அண்ணன் மகனின் ஸ்லைடுகளில் வரும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் இதுதான். 1971இல் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்த கருவியை உருவாக்கியவரின் பெயர் அது. அந்த எண்களைச் சாம்பல் நிறங்களாக மாற்றினால் படம் ஆகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் தொல்லை இதில் தீர்ந்துவிடும், எலும்பின் மேலோடு மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் அம்மாவின் வயதில் எலும்பு மெலிந்திருக்கும். உள்ளே சல்லடைபோல் இருக்கும் நுண்ணிய இழைகள் மட்டும் நசுங்கி, மேலோடு உடையாமல் இருந்தால், புள்ளிகளின் எண்ணில் பெரிய மாற்றம் வராது. சி.டி. அங்கே ஏமாறலாம். கதிர்க்கணக்கும் உண்டு. இடுப்பு சி.டி. ஒன்றில் படுவது, நாம் இரண்டு மூன்று ஆண்டுகளில் இயற்கையாகவே வாங்கும் கதிருக்குச் சமம். 72 வயதில் அதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சி.டி. எடுத்துவிட்டு, பிறகு எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டிவந்தால் நாளும் பணமும் வீண்.

எம்.ஆர்.ஐ. எலும்பைக் காட்டாது என்று உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மை. கெட்டியான எலும்பு அதில் கறுப்பாகத்தான் விழும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே இல்லை. அது கேட்பது தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் குரலை. பெரிய காந்தத்துக்குள், பொதுவாக 1.5 டெஸ்லா வலிமை, அந்த அணுக்கருக்கள் காந்தப்புலத்தைச் சுற்றி ஒரே வேகத்தில் சுழலும். நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை. அதே அதிர்வில் ஒரு ரேடியோ அலையைச் சிறிது நேரம் கொடுத்து நிறுத்தினால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும். இடுப்பின் மேல் வைக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் அதை வாங்குகிறது. காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றுவதால், எந்த அலை எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணினி பிரித்துவிடும். அப்படி மாற்றும்போது எழுவதுதான் அந்த ‘டக் டக்’ சத்தம். பஞ்சு கேட்டு வாங்கி அம்மாவின் காதில் வையுங்கள், ஹெட்போன் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது அம்மாவின் இடுப்புக்கு வருவோம். வயதானவரின் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். நுண் இழைகள் நசுங்கிய இடத்தில் ரத்தமும் நீரும் கசிந்து கொழுப்பை விலக்கியிருக்கும். வெள்ளை மஜ்ஜையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழும். ஸ்டிர் என்ற இன்னொரு வகையில் கொழுப்பின் குரலை வேண்டுமென்றே அடக்கிவிடுவார்கள். அதில் கசிந்த நீர் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் துலங்கும். கெட்டியான எலும்பையே காட்டாத கருவி, எலும்பு உடைந்ததை மற்ற இரண்டையும்விட முன்னால் சொல்வது இப்படித்தான். கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பரவாயில்லை, வேண்டிய கோணத்தில் வெட்டிப் பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு இரண்டு மூன்று வகைப் படங்கள் போதும், கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. ‘ஊசி போட்டால் இன்னும் தெளிவாக வரும், கூடக் கொஞ்சம்தான் ஆகும்’ என்று கவுன்டரில் சொன்னால், ‘முறிவைப் பார்க்கத்தானே, டாக்டர் எழுதவில்லையே’ என்று கேளுங்கள்.

செயற்கை மூட்டு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். முழங்கால் மூட்டுகள் கோபால்ட்-குரோமியக் கலவையிலும் டைட்டானியத்திலும் செய்தவை. காந்தம் அவற்றைப் பிடுங்கிவிடாது. அவை எலும்போடு இறுகியும் போயிருக்கும். முழங்காலைச் சுற்றிப் படம் சிதையும், அவ்வளவுதான். நாம் பார்ப்பது எதிர்ப்பக்க இடுப்பை. மூட்டு வைத்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். உண்மையாகவே நிறுத்திக் கேட்க வேண்டியவை வேறு. பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது என்று அதில் இருந்தால் இதய மருத்துவர் அதன் அமைப்பை மாற்றி வைத்த பிறகு எடுக்கலாம், பழைய வகையென்றால் பொதுவாக எடுக்கமாட்டார்கள். மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப்பும், லேத், வெல்டிங் வேலை பார்த்தவர்களின் கண்ணில் தங்கிய இரும்புத் துகளும் அப்படியே, முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இவற்றால் எம்.ஆர்.ஐ. முடியாதவர்களுக்குத்தான் சி.டி. அடுத்த வழி. அதிலும் பெரும்பாலான முறிவுகள் தெரிந்துவிடும்.

அறைக்குள் போகுமுன் மெட்டி, வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றுவார்கள். பெண்கள் தாலிக் கயிற்றிலோ சங்கிலியிலோ கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை நீங்களே தேடி எடுத்துவிடுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் ஊக்கு எஃகு, பறந்துவிடும். ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் ஓய்வதில்லை. 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன ஓர் உறவினர் உயிரிழந்தார். ஆகவே துணைக்குப் போகிறவரும் சட்டைப்பையைக் காலி செய்யட்டும்.

அந்தத் தெரிந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டிப்போகும் ஆளுக்கு ஸ்கேன் சென்டரில் பங்கு உண்டா என்று பாருங்கள். நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதையே 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. ஆனாலும் கடலூரிலும் சரி, இங்கே புதுச்சேரியிலும் சரி, ஆட்டோ நிறுத்தத்திலிருந்தே ஆள் பிடிக்கும் வேலை நடக்கிறது, தடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஸ்கேன் என்பதை அம்மாவைத் தொட்டுப் பார்த்த டாக்டர் முடிவு செய்யட்டும். சென்டரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவு, அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

டாக்டரின் சீட்டையும் ஒருமுறை படியுங்கள். ‘எம்.ஆர்.ஐ. ஹிப்’ என்ற இரண்டு சொல்லோடு வரும் சீட்டுகள்தான் எங்களுக்கு நாள் முழுக்க. எந்தப் பக்கம், எப்போது விழுந்தார், எக்ஸ்ரேயில் தெரியவில்லை, முறிவு உண்டா என்பதைப் பார்க்கவும், இடது முழங்காலில் செயற்கை மூட்டு, என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவோடு குறுந்தட்டோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள், படங்கள் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் இருக்க வேண்டும். ஃபிலிமை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மஜ்ஜையின் மெல்லிய கோடு அழிந்துவிடும், அடுத்த ஊர் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார்.

அறிக்கையில் தொடை எலும்பின் கழுத்துக் குறுக்கே கோடு என்று வந்தால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள், அதுவரை ஸ்ட்ரெச்சர்தான். முன்பக்க இடுப்பு வளையத்தில் மட்டும் முறிவு அல்லது தசையில் வீக்கம் என்று வந்தால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. டாக்டர் சொன்ன பிறகு வாக்கர் பிடித்து மெல்ல நடக்க வைக்கலாம்.