யீல்டு கூடியது, குழாய் திரும்பி வந்தது: பரல் அளவு பற்றிக் கேள்வி பதில்

செல்வராஜ் (குழாய் வளைக்கும் பட்டறை): 304எச் துருப்பிடிக்காத எஃகில் கொதிகலனின் சூப்பர்ஹீட்டர் குழாய் ஒரு லாட் வாங்கினோம். யீல்டு, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, குறைந்தது 205 எம்பிஏ வேண்டும். எங்களுக்கு 290 வந்தது. ஆனாலும் பரல் எண் 9 என்று சொல்லி இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வலிமை கூடியது குற்றமா?

இன்ஸ்பெக்டர் செய்தது சரி. உங்கள் இழுவைச் சோதனை அறை வெப்பத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. குழாயோ 600 டிகிரியை ஒட்டிய சூட்டில், உள்ளே நீராவி அழுத்தத்தோடு, ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் உலோகம் நாள்பட மெல்ல மெல்ல நீளும். அதுதான் க்ரீப்.

உலோகம் என்பது பரல் எனும் குட்டிக் குட்டிப் படிகங்களின் கூட்டம். குளிர்ந்த உலோகத்தில் பரல் எல்லை ஒரு சுவர். படிக அடுக்கின் பிசகுகளான டிஸ்லொக்கேஷன்கள் சறுக்கி வந்து அதில் முட்டி நிற்கும். பரல் சிறுத்தால் சுவர்கள் கூடும், யீல்டும் ஏறும். உங்கள் 290-க்கு அதுவும் ஒரு காரணம்.

சூடேறினால் அதே எல்லை சந்தாகிவிடுகிறது. அங்கே அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. பரலின் உட்பகுதியைவிட எல்லை வழியாக வெகு வேகமாக நகரும். இழுவிசைக்குக் குறுக்கே இருக்கும் எல்லையில் அணுக்கள் வந்து சேரும், இணையாக இருக்கும் எல்லையிலிருந்து கிளம்பிப் போகும், பரல் நீளும். கூடவே பரல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மூன்று பரல்கள் கூடும் முனையில் நுண்துளை விழும். பரல் பாதியானால் இந்த எல்லைவழி நகர்வின் வேகம் 8 மடங்காகும் என்று 1963-இல் கோபிள் காட்டினார். கொதிகலன் குழாயில் பெரும்பங்கு க்ரீப் டிஸ்லொக்கேஷன் வழியாகவே நடப்பதால், அந்த 8 மடங்கை அப்படியே உங்கள் குழாயின் ஆயுளில் வகுத்துவிடாதீர்கள். திசை தெரிந்தால் போதும். 304எச்-க்கு "எண் 7 அல்லது அதைவிடப் பருமன்" என்ற விதி வந்தது இதனால்தான்.

இன்னொன்று. எண் கூடினால் பரல் சிறுக்கும். 100 மடங்கு பெருக்கத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 64 பரல்கள் தெரிந்தால் அது எண் 7. 256 தெரிந்தால் எண் 9. "7 கேட்டார்கள், 9 கொடுத்தேன், இன்னும் நல்லதுதானே" என்று என்னிடம் வாதாடிய கொள்முதல்காரர்களை விரல்விட்டு எண்ண முடியாது.

கவிதா (மூன்றாம் ஆண்டு மாணவி): ஹால்–பெட்ச் சமன்பாட்டில் பரல் அளவின் வர்க்கமூலம் ஏன் வருகிறது, ஐயா?

கோயில் வாசல் கதவை நினைத்துக்கொள் அம்மா. பரல் எல்லைதான் கதவு, டிஸ்லொக்கேஷன்கள்தான் வரிசையில் நிற்பவர்கள். கதவில் ஒட்டி நிற்பவர் மீது பின்னால் நிற்கும் அத்தனை பேரின் நெருக்கலும் விழுகிறது. பெரிய பரலில் வரிசை நீளம், ஆகவே கொஞ்சம் தள்ளினாலே கதவு திறந்து அடுத்த பரலில் சறுக்கல் தொடங்கிவிடும். சிறிய பரலில் நாலு பேர்தான் நிற்க முடியும். வெளியிலிருந்து பலமாகத் தள்ள வேண்டும். வரிசையின் முனையில் குவியும் தகைவைக் கணக்கிட்டால் வர்க்கமூலம் தானாக வந்துவிடும்.

```
σy = σ0 + k/√d
```

மென்எஃகுக்குப் பாடநூல்களில் σ0 70 எம்பிஏ, k 0.74 என்று இருக்கும் (d மீட்டரில்). பரல் 100 மைக்ரான் என்றால் 70 + 74 = 144. அதை 25 மைக்ரான் ஆக்கினால் 70 + 148 = 218. நாலில் ஒன்றாகச் சுருக்கினால்தான் இரண்டாம் பகுதி இரட்டிக்கிறது. ஹால் 1951-இலும் பெட்ச் 1953-இலும் எஃகில் இதைக் கண்டார்கள். ஆனால் இந்த வரிசை விளக்கமே முடிந்த முடிவு என்று தேர்வில் எழுதிவிடாதே. வரிசையே கண்ணில் படாத உலோகங்களிலும் சமன்பாடு ஏறக்குறையப் பொருந்துகிறது. எல்லையே டிஸ்லொக்கேஷன்களின் ஊற்று என்று வாதிடுவோரும் உண்டு.

முத்து: எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளைத் தண்ணீரில் முக்குகிறாரே, அதுவும் பரலைச் சிறிதாக்கத்தானே?

அது மார்ட்டன்சைட், வேறு கதை. கார்பனைப் பற்றிப் பேசும்போது கேளுங்கள்.

பிரகாஷ் (வெப்பப் பதன் பிரிவு): செல்வராஜ் அவர்களின் குழாயைத் திரும்பச் சூடேற்றினால் பரல் பெருத்துவிடும். அளவு மீறிப் பெருத்துவிட்டாலும் கவலையில்லை, நார்மலைஸ் செய்தால் மறுபடி சிறுத்துவிடும்.

முதல் பாதி சரி. 1040 டிகிரிக்கு மேல் கரைசல் பதன் செய்து வேகமாகக் குளிர்வித்தால் எண் 7-க்கு வரலாம். சூளை சற்றே தணிந்திருந்தால் இப்படி 9-இல் நின்றுவிடும். மறுபாதி சாதா கார்பன் எஃகு போன்றவற்றுக்கே பொருந்தும். அது சூடேறும்போதும் ஆறும்போதும் படிக அமைப்பு மாறிப் புதுப் பரல் முளைக்கிறது. 304-இல் அந்த மாற்றமே கிடையாது. ஒருமுறை பெருத்த பரலைச் சிறுக்க வைக்க, குளிர்நிலையில் உருக்குலைத்து, பிறகு சூடேற்ற வேண்டும்; வளைத்து முடித்த குழாயில் அது நடக்காது.

செல்வராஜ், இதன் மறுபக்கம் உங்களுக்கு. குளிர்நிலையில் இறுக வளைத்த குழாயைப் பதன் செய்யாமல் பொருத்தினால், கொதிகலனின் சூட்டிலேயே வளைவில் மட்டும் நுண்பரல் முளைத்துவிடும். நேர்ப்பகுதியின் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெடிப்பு வளைவில் விழும். நான் பார்த்த ஒன்றில் வளைவு வெளிவிட்டத்தில் லேசாகப் பருத்திருந்தது, விரிசல் குழாயின் நீளவாக்கில் ஓடியது. மெருகேற்றி, ஆக்சாலிக் அமிலத்தில் மின்பொறிப்பு செய்து பார்த்தபோது, எல்லைகளில் கோத்த மணிபோல் துளைகள்.

அனிதா: அப்படியானால் பரல் சிறிதாக இருப்பது நல்லதா, பெரிதாக இருப்பது நல்லதா?

எந்தச் சூட்டில்?

ராமநாதன் (மின்நிலையப் பொறியாளர்): உங்கள் விதி இடிக்கிறது. எங்கள் சூப்பர்ஹீட்டரில் 347எச்எஃப்ஜி இருக்கிறது. பெயரிலேயே நுண்பரல் என்று உண்டு. பரல் எண் 7 முதல் 10 வரை. அனுமதித்த தகைவோ பருமனான 347எச்-ஐ விடக் குறைவில்லை!

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழாயை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் மிக உயர்ந்த சூட்டில் நையோபியம் கார்பைடைக் கரைத்து, குளிர்நிலையில் இழுத்து, அதைவிடக் குறைந்த சூட்டில் இறுதிப் பதன். அப்போது நுண்ணிய கார்பைடு பிரிந்து எல்லைகளை ஆணியடித்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. அந்த நுண்துகள்கள்தான் க்ரீப்பைத் தாங்குகின்றன, பரல் அல்ல.

ராமநாதன்: துகள்தான் காரணம் என்றால் பரலைப் பருமனாகவே விட்டிருக்கலாமே?

நீராவி ஆக்சிஜனேற்றத்துக்காக விடவில்லை. எல்லைகள் நிறைய இருந்தால் குரோமியம் அவை வழியாக வேகமாக உட்சுவரை அடைந்து நல்ல காப்புப் படலம் போடும். இல்லாவிட்டால் ஆக்சைடு செதில் செதிலாக உதிர்ந்து வளைவில் அடைத்துக்கொள்ளும். அணுக்கள் ஓடும் அதே சந்து, இங்கே உதவிக்கு வருகிறது.

ராமநாதன்: அப்படியானால் க்ரீப்பில் பரலின் பங்கு எவ்வளவு, துகளின் பங்கு எவ்வளவு?

ஒரே துகள் நிலையில், வெவ்வேறு பரலில் இரண்டு குழாய்களைச் செய்துதான் பிரிக்க வேண்டும். பதன் சூட்டை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. "304எச் விதியை எல்லா ஆஸ்டெனைட் எஃகுக்கும் நீட்டாதே" என்று நீங்கள் சொன்னால், ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேல் இல்லை.

தினேஷ்: நானோ பரல் செய்தால் இன்னும் வலிமை வருமா? எண் 7-க்குப் பதில் 14 கேட்டு வாங்கலாமா?

10, 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் குளிரிலேயே வலிமை இறங்கத் தொடங்கும். குழாய்க்கு 14 கேட்காதீர்கள். காரணம் மேலே செல்வராஜுக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

செல்வராஜ்: அந்த லாட்டை 304எல் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாமா?

சூடு இல்லாத இடத்தில் பரல் எண் 9 தொந்தரவில்லை. ஆனால் எச்-இல் கார்பன் 0.04 சதவீதத்துக்குக் குறையாது, எல்-இல் ஏறக்குறைய 0.03 சதவீதத்தைத் தாண்டாது. வெல்டிங் ஓரம் அரிக்கும். வாங்குபவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.