கடையை மூடும்போது கணக்கு: ரியலைசேஷன் கணக்கு கேள்வி பதில்

சார், சின்ன உதாரணம் ஒன்று போட்டுக் காட்டுங்களேன். கடையை மூடும்போது சொத்துகளை விற்று, கடனை அடைத்ததில் லாபமா நட்டமா என்று பார்க்கிற இந்த ரியலைசேஷன் கணக்கில் எது வரும், எது வராது?

அண்ணனும் தம்பியும் நடத்திய தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். லாப நட்டம் 3:2. மூடும் நாளில் ரொக்கம் 10,000, மெஷின்கள் 80,000, துணி இருப்பு 70,000, வரவேண்டிய பாக்கி 40,000. மறுபக்கம் துணி வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 40,000, கடைக்கு அண்ணன் கொடுத்த கடன் 20,000, கடையில் போட்ட முதலில் அண்ணனுடையது 90,000, தம்பியுடையது 50,000.

ரொக்கத்தை விட்டுவிட்டு மற்ற சொத்துகளைப் புத்தக மதிப்பிலேயே பற்றில் எழுதுங்கள்: 1,90,000. வரவில் வியாபாரிகளின் 40,000. அண்ணன் கடனும் முதலும் இங்கே வரவே கூடாது.

அப்புறம் நடந்ததை எழுத வேண்டும். துணி 58,000க்குப் போனது, பாக்கியில் 36,000 வசூல், மெஷின்களைத் தம்பி 60,000க்கு எடுத்துக்கொண்டான். மூன்றும் வரவு. வியாபாரிகள் 38,000 வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள், செலவு 4,000. இரண்டும் பற்று. பற்று 2,32,000, வரவு 1,94,000. நட்டம் 38,000. அண்ணன் தலையில் 22,800, தம்பி தலையில் 15,200.

மெஷினுக்குக் காசே கைமாறவில்லையே, அதை ஏன் எழுத வேண்டும்? வியாபாரிகள் விட்டுக்கொடுத்த 2,000ஐ லாபமாகத் தனியாகக் காட்ட வேண்டும்தானே?

காசு கைமாறவில்லை என்பது சரி. அதனால்தான் ரொக்கத்துக்குப் பதில் தம்பியின் முதல் கணக்கில் 60,000 பற்று. அவன் 50,000லிருந்து நட்டமும் மெஷினும் போனால் 25,200 குறைகிறது. அதை அவன் கொண்டுவர வேண்டும். மெஷினும் கிடைத்தது, முதலும் திரும்பும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் அதிர்ந்துபோவார்கள்.

2,000ஐத் தனியாக எழுதாதீர்கள். வரவில் 40,000, பற்றில் 38,000 என்று எழுதியபோதே அது வந்துவிட்டது.

அண்ணன் கொடுத்ததும் கடன்தானே? வியாபாரிகளோடு சேர்த்தால் என்ன?

வரிசை குழம்பிவிடும். 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி வெளியார் கடன் முதலில், பங்குதாரர் கொடுத்த கடன் அடுத்து, முதல் அதற்கும் பிறகு. ரொக்கத்தைப் பாருங்கள்: 10,000, 58,000, 36,000 சேர்ந்து 1,04,000. வியாபாரிகளும் செலவும் போக 62,000. அண்ணன் கடன் போக 42,000. தம்பி கொண்டுவரும் 25,200 சேர்ந்தால் 67,200. அண்ணனுக்குச் சேர வேண்டிய முதலும் அதே 67,200. இந்த இடத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் மேலே எங்கோ தப்பு.

எங்கள் கடை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. என் பங்காளி அந்த 25,200 மாதிரி ஒரு தொகையைத் தர மாட்டேன் என்கிறார். நட்டம் என்று எழுதிவிடலாமா?

தர மறுப்பது வேறு, திவாலாவது வேறு. வசதி இருந்தும் தராதவரிடம் உங்கள் பாக்கி அப்படியே நிற்கிறது, எழுதித் தள்ள அவசரப்படாதீர்கள். அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது: கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்டு வழக்குப் போடக் கலைந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான். உங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, வாய்ப்பேச்சில் மூடினீர்களா? வாய்ப்பேச்சு என்றால் எந்த நாளில் கலைந்தது என்பதிலேயே தகராறு வரும். வக்கீலிடம் முதலில் அந்தத் தேதியைக் காட்டுங்கள்.